தினமும் புலம்பும் தோழியிடம் அதை எப்படிச் சொல்வது?

ஆலோசனைக்கு வருகிறவர்களில் சிலர் தங்கள் கஷ்டத்தைச் சொல்ல வருவதில்லை. இன்னொருவர் கஷ்டத்தைக் கேட்டுக் கேட்டுச் சோர்ந்துபோய் வருகிறார்கள். "என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?" என்று ஆரம்பிப்பார்கள். அடுத்த மூச்சிலேயே, "அவள் நம்பரைப் பார்த்தாலே வயிற்றைப் பிசைகிறது" என்பார்கள். இரண்டுமே உண்மைதான்.

வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இரவு ஒன்பதரை ஆனால் கல்லூரித் தோழியிடமிருந்து போன் வந்துவிடும். அந்தத் தோழி ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. யார் விடுப்பு எடுத்தாலும் சப்ஸ்டிடியூஷன் வகுப்புக்கு அவர் பெயரையே தலைமை ஆசிரியை எழுதிவிடுகிறார் என்பது முதல் குறை. அடுத்தது நாத்தனார். பேச்சு முடிய முக்கால் மணி நேரமாகும். தோழி தூங்கப் போய்விடுவார். இவருக்குத் தூக்கம் வராது. காலையில் காரணமில்லாமல் மகன்மேல் எரிந்து விழுவார்.

நேற்றுப் பேசியதையும் போன வாரம் பேசியதையும் சொல்லச் சொன்னேன். இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. நான் முதலில் பார்ப்பது இதைத்தான். மனத்தைக் கொட்டிவிட்டு ஒருவர் லேசாகி எழுந்துபோனால் அது நட்பில் இயல்பாக நடப்பது. அதே சம்பவம், அதே கோபம், அதே முடிவு என்று பேச்சு சுற்றிவந்தால், பேசுகிறவருக்கும் அதனால் பயனில்லை.

இவர் பங்கு என்ன என்றும் கேட்டேன். "ம்... அப்புறம்? அந்த அம்மா அப்படித்தான், விடு" என்பாராம். அந்த "அப்புறம்" கதையை அடுத்த சுற்றுக்கு அனுப்பிவிடுகிறது. இருவர் சேர்ந்து ஒரே பிரச்சினையை இப்படி அசைபோடுவதை அமெரிக்க உளவியலாளர் அமண்டா ரோஸ் 2002இல் பள்ளிப் பிள்ளைகளிடம் ஆராய்ந்தார். அப்படிப் பேசும் பிள்ளைகளிடம் நட்பின் நெருக்கமும் அதிகமாக இருந்தது, மனச்சோர்வும் பதற்றமும்கூட அதிகமாக இருந்தன. ஆய்வு சிறார்களைப் பற்றியது என்றாலும், என்னிடம் வரும் பெரியவர்களிடமும் இதையே காண்கிறேன். நெருக்கம் கூடுவதால்தான் இது தொந்தரவு என்பதே வெகுநாள் புலப்படுவதில்லை.

சரி, எப்படிச் சொல்வது? அவர் முதலில் எழுதி வந்த வாக்கியம் இது: "நீ எப்போதும் குறை சொல்லிக்கொண்டே இருக்கிறாய்." அதை அடிக்கச் சொன்னேன். ஏற்கெனவே நாத்தனாரிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறவருக்கு அது இன்னொரு திட்டு. இரண்டாவதாக, "ராத்திரியில் வேலை அதிகமாகிவிட்டது" என்று சொல்லிவிடலாமே என்றார். சாக்குச் சொன்னால் தோழி நல்ல மனத்தோடு அதற்கு வழி கண்டுபிடிப்பார்: "அப்படியானால் பத்தரைக்குக் கூப்பிடவா?"

கடைசியில் அவர் சொன்னது ஏறக்குறைய இதுதான்:

"உன்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. பள்ளியில் உனக்கு நடப்பது அநியாயம்தான். ஆனால் தினமும் ராத்திரி அதைக் கேட்டுவிட்டுப் படுத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. இப்போதெல்லாம் உன் போனை எடுக்கவே தயங்குகிறேன், அப்படித் தயங்குவது எனக்கே பிடிக்கவில்லை. பள்ளி விஷயத்தைச் சனிக்கிழமை உட்கார்ந்து ஆற அமரப் பேசுவோம். மற்ற நாளில் கூப்பிடு, வேறு ஏதாவது பேசுவோம். அவசரம் என்றால் மட்டும் எந்த நேரமானாலும் சொல்."

தோழியின் குணத்தைப் பற்றி இதில் ஒரு சொல்கூட இல்லை. தனக்கு என்ன ஆகிறது என்பது இருக்கிறது, எப்போது கேட்கத் தயார் என்பதும் இருக்கிறது. "கொஞ்சம் குறைத்துக்கொள்" என்று பொதுவாகச் சொல்லியிருந்தால், எவ்வளவு பேசலாம் என்று தெரியாமல் தோழி முழுக்க வாயை மூடிக்கொண்டிருப்பார். சனிக்கிழமை என்று நாள் குறித்ததால் கதவு எங்கே திறந்திருக்கிறது என்று தெரிந்தது.

இதைப் புலம்பலின் நடுவே சொல்லக் கூடாது. அந்த நேரத்தில் எதைச் சொன்னாலும் "நிறுத்து" என்றுதான் கேட்கும். வாட்ஸப்பில் எழுதுவது அதைவிட மோசம். குரல் இல்லாத வரிகளை நள்ளிரவில் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பார்கள். இவர்கள் ஒரு மாலை பூங்காவில் நடந்துகொண்டே பேசினார்கள். முகத்துக்கு முகம் பார்க்காமல் பக்கத்தில் நடக்கும்போது கடினமான பேச்சு சுலபமாக வரும் என்பது என் அனுபவம்.

தோழி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "உனக்கும் நான் பாரமாகிவிட்டேனா?" என்றார். பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். பதறிப்போய், "ஐயோ, அப்படியெல்லாம் இல்லை, எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு" என்று சொன்னதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்து ஒரு பதிலைத் தயார் செய்திருந்தோம்: "நீ பாரமில்லை. ராத்திரி அந்தப் பேச்சைத் தாங்க எனக்குத் தெம்பில்லை."

நான்கு நாள் போன் இல்லை. ஐந்தாம் நாள் இவரே அழைத்து, மகனுக்குப் பின்னங்கள் பிடிபடவில்லை, கொஞ்சம் சொல்லித்தர முடியுமா என்று கேட்டார். இந்த யோசனை என்னுடையது அல்ல, அவருடையது. எந்த ஆறுதல் வார்த்தையையும்விட நன்றாக வேலை செய்தது. எப்போதும் ஆறுதல் தேடுகிறவராக மட்டுமே இருந்த தோழி அன்று உதவுகிறவரானார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை பழைய கதை தலைகாட்டியது. அது நடக்கத்தான் செய்யும். "இதைச் சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்வோமா?" என்றார் இவர். சனிக்கிழமை "அப்புறம்?" என்று கேட்கவில்லை. "நான் கேட்டால் மட்டும் போதுமா, என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிப்போமா?" என்று கேட்டார். அந்த மாதம் யார் யாருக்கு எத்தனை சப்ஸ்டிடியூஷன் வகுப்பு விழுந்தது என்று தோழி ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு தலைமை ஆசிரியையிடம் போனார். ஓரளவு குறைந்தது. நாத்தனார் மாறவில்லை.

இந்த வழி எல்லோருக்கும் பொருந்தாது. அண்மையில் ஒரு சாவைப் பார்த்தவர் அதே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வார். துக்கம் அப்படித்தான் ஆறும். அவரிடம் நாள் குறிக்க வேண்டாம். தெம்பு போதாவிட்டால் உறவினர், நண்பர் என்று கேட்கும் காதுகளைக் கூட்டுங்கள்.

"இருந்து என்ன பயன்", "போய்ச் சேர்ந்துவிட்டால் நல்லது" என்ற பேச்சு வந்தாலும், வீட்டில் அடி விழுகிறது என்று தெரிந்தாலும் சனிக்கிழமைக் கணக்கெல்லாம் கிடையாது. சாகவேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள்; கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம், பெண்களுக்கான உதவி எண் 181. இரண்டு வாரத்துக்கு மேல் சரியான தூக்கமில்லை, சாப்பாடில்லை, எதிலும் நாட்டமில்லை என்றால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டிய கட்டம். "நீ டாக்டரைப் பார்" என்று மட்டும் சொன்னால் கைகழுவுவதுபோல ஒலிக்கும். "புறநோயாளிச் சீட்டு நான் வாங்குகிறேன், வியாழக்கிழமை காலை வருகிறாயா?" என்று கேட்டால் பெரும்பாலும் வந்துவிடுகிறார்கள்.