டெட் ரென்ட் வந்தால் போதுமா? அதற்கு அடுத்த வரியையும் படியுங்கள்

போன மாதம் சிங்கப்பூர் தேக்காவில் ஒரு கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டே ஒரு அண்ணன் தன் குவாரி குத்தகைப் பத்திரத்தைக் காட்டினார். தமிழ்நாட்டில் அவர் அப்பா விட்டுப்போன பட்டா நிலம், அடியில் கருங்கல். குவாரிக்காரர் கையெழுத்துக்காகச் சம்மதக் கடிதத்தோடு பத்திரத்தின் நகலையும் அனுப்பியிருந்தார். "கல்லு எடுத்தாலும் எடுக்காட்டாலும் வருஷம் 6 லட்சம் தம்பி, அதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். நான் கணக்கர், சந்தேகப்படுவதுதான் என் பிழைப்பு, அதனால் அடுத்த வரியைப் படித்தேன்.

முதலில் இரண்டு வார்த்தைகள். ராயல்டி என்பது எடுத்த கல்லுக்கான பணம், ஒரு கன மீட்டருக்கு இவ்வளவு என்று. டெட் ரென்ட் என்பது ஒரு கல்கூட எடுக்காவிட்டாலும் வர வேண்டிய குறைந்தபட்சத் தொகை. இரண்டும் சேர்ந்து வராது, எது அதிகமோ அதுதான் வரும். இந்தியாவில் சுரங்கக் குத்தகைதாரர்கள் மாநில அரசுக்குக் கட்டுவதும் இப்படித்தான், 1957ஆம் ஆண்டுக் கனிமச் சட்டத்தின் 9ஏ பிரிவு அதைச் சொல்கிறது. ஆனால் எடுக்கும் கல்லுக்காகக் குவாரிக்காரர் அரசுக்குக் கட்டும் சீனியரேஜ் தொகை வேறு, நில உரிமையாளருக்குத் தருவது வேறு. இரண்டாவது முழுக்க உங்கள் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. அதைக் குழப்பிக்கொண்டு "அரசு ரேட்" என்று எதையாவது நம்பிவிடாதீர்கள்.

அண்ணனின் பத்திரத்தில் கன மீட்டருக்கு 60 ரூபாய், டெட் ரென்ட் 6 லட்சம். அதாவது 10,000 கன மீட்டர் வரை டெட் ரென்ட்தான், அதைத் தாண்டினால்தான் ராயல்டி. அடுத்த வரி: ராயல்டி டெட் ரென்டைவிடக் குறைந்த வருஷங்களில் விழும் வித்தியாசத்தைப் பின்னால் வரும் ராயல்டியில் கழித்துக்கொள்ளலாம்.

கணக்குப் போட்டுக் காட்டினேன். முதல் வருஷம் 4,000 கன மீட்டர், ராயல்டி 2.4 லட்சம், கையில் வருவது 6 லட்சம், 3.6 லட்சம் பாக்கியாக எழுதப்படும். இரண்டாம் வருஷம் 8,000, ராயல்டி 4.8 லட்சம், வருவது 6 லட்சம், பாக்கி 4.8 லட்சமாகிறது. மூன்றாம் வருஷம் வேலை சூடுபிடித்து 16,000 எடுக்கிறார்கள், ராயல்டி 9.6 லட்சம், ஆனால் டெட் ரென்டுக்கு மேலே நிற்கும் 3.6 லட்சத்தையும் பாக்கியில் கழித்துவிட்டு மறுபடி 6 லட்சமே தருவார்கள். நாலாம் வருஷம் 15,000, ராயல்டி 9 லட்சம், மிச்சமிருந்த 1.2 லட்சம் போக 7.8 லட்சம். நாலு வருஷத்தில் மொத்தம் 25.8 லட்சம். எடுத்த கல் 43,000 கன மீட்டர், 60ஆல் பெருக்கிப் பாருங்கள், அதே 25.8 லட்சம். குறைந்தபட்சம் என்று கொடுத்தது கடைசியில் முன்பணமாகத்தான் ஆனது. கழிக்கும் வரி இல்லையென்றால் 30.6 லட்சம் வந்திருக்கும்.

அந்த வரியை அடியோடு எடுக்கச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் "அடுத்த ஒரு வருஷத்துக்குள் மட்டும் கழிக்கலாம்" என்று எல்லை போடக் கேட்கலாம். அப்போது முதல் வருஷ பாக்கி இரண்டாம் வருஷத்தோடு காலாவதியாகும், மொத்தம் 29.4 லட்சம் வரும்.

அடுத்தது அளவு. இங்கேதான் சத்தமில்லாமல் பணம் போகும். பத்திரத்தில் வெறுமனே "கன மீட்டர்" என்றிருந்தது. பாறையாகக் குழியில் அளந்த கன மீட்டரா, உடைத்து லாரியில் ஏற்றியதா? பாறை ஒரு கன மீட்டர் சுமார் 2.6 டன், அதை உடைத்தால் இடைவெளியோடு ஒன்றரை கன மீட்டருக்கு மேல் ஆகும். ஒரே கல், இரண்டு கணக்கு. ரேட் பேசியது லாரி அளவுக்கா குழி அளவுக்கா என்று எழுத வேண்டும். எனக்கு டன்தான் பிடிக்கும், எடைமேடைச் சீட்டு இருக்கும், அதை அரசு நடைச்சீட்டுகளோடு ஒப்பிடலாம். வருஷத்துக்கு ஒருமுறை சர்வேயரை வைத்துக் குழியை அளந்தால் சீட்டில்லாமல் போன லாரிகளும் தெரிந்துவிடும். சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு மச்சான் பார்த்துக்கொள்வார் என்று விட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, மூன்று மாத நோட்டீஸில் குவாரிக்காரர் குத்தகையை விடலாம் என்று ஒரு வரி. அதாவது கல் தீர்ந்ததும் நோட்டீஸ் கொடுத்தால் மூன்று மாதத்தில் டெட் ரென்டும் நின்றுவிடும். குழியைச் சரிசெய்து, வேலி போட்டு, நிலத்தை ஒப்படைக்கும் நாள் வரை டெட் ரென்ட் ஓட வேண்டும் என்று மாற்றச் சொன்னேன். அண்ணன் வீடு புக்கித் கோம்பாக் பக்கம், தினமும் 'லிட்டில் குய்லின்' குளக்கரையில் நடப்பவர். அதுவும் ஒரு காலத்தில் கல் குவாரிதான். "அத அரசாங்கம் பூங்காவாக்கிடுச்சு அண்ணே, ஊர்ல இருக்குற குழி உங்க பட்டாவுலதான் நிக்கும்" என்றேன். கையெழுத்துப் போடாமல் பத்திரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.