மூன்று A எடுத்த பிள்ளை ஏன் பின்னால் நிற்கிறாள்?

உயர்தரப் பெறுபேறு வந்த மறுநாள் ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தகப்பன் வந்தார். மகளுக்கு வணிகப் பிரிவில் மூன்று A. பக்கத்து லயத்துப் பிள்ளைக்கு இரண்டு A, ஒரு B. ஆனால் மாவட்ட நிலையில் அந்தப் பிள்ளைதான் முன்னால். "சேர், கம்ப்யூட்டர்ல பிழை விட்டுட்டாங்களா?" என்று கேட்டார்.

பிழை இல்லை. 75 எடுத்தாலும் 95 எடுத்தாலும் பெறுபேற்றில் A என்றுதான் வரும். மாவட்ட நிலையைத் தீர்மானிக்கும் இசட் புள்ளிக்கு அந்த எழுத்து தேவையே இல்லை. ஒரு பாடத்தை நாடு முழுக்க எழுதியவர்களின் சராசரியிலிருந்து உங்கள் புள்ளி எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்த்து, அதை அந்தப் பாடத்தின் நியம விலகலால், அதாவது எல்லாருடைய புள்ளிகளும் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்று காட்டும் எண்ணால், வகுப்பார்கள். மூன்று பாடத்துக்கும் வருவதைக் கூட்டி மூன்றால் வகுத்தால் இறுதிப் புள்ளி, நான்கு தசம தானம் வரை.

புள்ளிகள் பெறுபேற்றில் வராது என்பதால், அவருக்கு விளங்க நானே எண்களை வைத்துக் கணக்குப் போட்டேன். கணக்கீட்டுப் பாடத்தில் சராசரி 42, விலகல் 20. பொருளியலில் 50, 16. வணிகக் கல்வியில் 55, 14. மகள் 76, 76, 77 எடுத்தால் 1.7000, 1.6250, 1.5714 வரும், சராசரி 1.6321. மற்றப் பிள்ளை 90, 82, 70 எடுத்தால் 2.4000, 2.0000, 1.0714 வரும், சராசரி 1.8238. கணக்கீட்டில் எல்லாரும் தடுமாறிய இடத்தில் 90 எடுத்ததுதான் அவளைத் தூக்கியது.

தகப்பன் அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "A வந்தாச்சு, இனி மீள்பரிசீலனைக்குப் போட என்ன இருக்குனு விட்டுட்டோம்" என்றார். பெரும்பாலான பெற்றோர் சறுக்கும் இடம் இதுதான். இதே கணக்கில் வணிகக் கல்வியில் ஒரு புள்ளி கூடினால் இறுதிப் புள்ளி 0.0238 ஏறும், கணக்கீட்டில் ஏறுவது 0.0167. விலகல் குறைந்த பாடத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் கனம் கூட. எழுத்து மாறாமலே நிலை மாறலாம். பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நிற்கும் பிள்ளைக்கு இது பெரிய விஷயம்.

இன்னொன்று, போன வருட வெட்டுப்புள்ளியை வைத்து இந்த வருடம் கிடைக்கும், கிடைக்காது என்று முடிவு செய்யாதீர்கள். எழுதிய கூட்டம் வேறு, சராசரியும் வேறு. 2011இல் பழைய, புதிய பாடத்திட்ட வினாத்தாள்களை எழுதியவர்களை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டதை 2012இல் உயர் நீதிமன்றமே செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஒரே தாளை எழுதியவர்களுக்குள்தான் இந்த ஒப்பீடு நிற்கும்.

மகள் எந்தப் பாடத்தில் தான் எழுதியதற்குக் குறைவாக வந்திருக்கும் என்று நம்புகிறாள் என்று அவளிடமே கேட்டேன். தயங்காமல் வணிகக் கல்வி என்றாள். அந்தப் பாடத்துக்கான விண்ணப்பத்தை அங்கேயே உட்கார்ந்து நிரப்பினோம்.