வி-லேன் போட்டாச்சு, பி.எம்.எஸ். பத்திரமாச்சா?

"பி.எம்.எஸ்-ஐத் தனி வி-லேனில் போட்டுவிட்டோம் சார், கவலையே இல்லை." கட்டட மேலாண்மை அமைப்பான பி.எம்.எஸ்-க்குத் தொலைக் கண்காணிப்பு உள்ள கட்டடங்களில் தணிக்கைக்குப் போனால் பாதி இடங்களில் இதுதான் பதில். அண்மையில் ஓர் இடத்தில் ஐ.டி. பொறுப்பாளர் நிரூபித்தே காட்டினார். அலுவலக நெட்வொர்க்கில் லேப்டாப்பைச் செருகி, கன்ட்ரோலர்கள் பேசும் பேக்நெட் நெறிமுறையில் "யார் இருக்கிறீர்கள்?" என்று எல்லோரையும் கேட்கும் Who-Is பிராட்காஸ்ட் அனுப்பினார். ஒரு கன்ட்ரோலரும் பதில் சொல்லவில்லை.

பிராட்காஸ்ட் ரூட்டரைத் தாண்டாது; பதில் வராததற்கு அதுதான் காரணம். அதே லேப்டாப்பிலிருந்து ஒரு கன்ட்ரோலரின் ஐ.பி. முகவரிக்கு, யுடிபி 47808-க்கு, நேரடியாகக் கேட்டேன். உடனே "நான் இருக்கிறேன்" என்னும் I-Am பதில் வந்தது. நடுவிலிருந்த லேயர்-3 ஸ்விட்ச் இரண்டு வி-லேன்களையும் தாராளமாக இணைத்துக்கொண்டிருந்தது. வி-லேன் பிரிப்பது பிராட்காஸ்ட் எல்லையை மட்டும்தான். யார் யாரிடம் பேசலாம் என்று தீர்மானிப்பது ஏ.சி.எல். அல்லது ஃபயர்வால். இன்னும் எத்தனை முறைதான் சொல்வது?

வழக்கமான பேக்நெட்/ஐபி கடவுச்சொல் கேட்காது. போய்ச்சேர முடிந்தவரால் எழுதவும் முடியும். குளிர்காற்றை அனுப்பும் ஏ.எச்.யு-வின் செட்பாயின்டில் யாராவது முன்னுரிமை 8-இல் ஒரு மதிப்பை எழுதிவிட்டால், 16-இல் எழுதும் நேர அட்டவணை அதை அசைக்காது; சிறிய எண்தான் வெல்லும். ஆபரேட்டரோ சென்சார் கெட்டுவிட்டது என்று அதைக் கழற்றிக்கொண்டிருப்பார். எந்த முன்னுரிமையில் என்ன எழுதியிருக்கிறது என்று காட்டும் Priority_Array-ஐ முதலில் திறந்து பாருங்கள்.

பி.எம்.எஸ். சர்வர் 10.20.60.10, கன்ட்ரோலர்கள் 10.20.50.0/24 என்றால், கன்ட்ரோலர் வி-லேனுக்குள் நுழையும் திசையில் இவ்வளவு போதும்:

```
permit udp host 10.20.60.10 10.20.50.0 0.0.0.255 eq 47808
deny ip any any log
```

நேர சர்வர் போன்றவை இருந்தால் அவற்றுக்கும் ஒவ்வொரு வரி. அந்த log-ஐ விட்டுவிடாதீர்கள். யார் கதவைத் தட்டுகிறார்கள் என்பது அதில்தான் தெரியும். ஒரே வி-லேனுக்குள் இருக்கும் கன்ட்ரோலர்களை ஒன்றிலிருந்து ஒன்று இந்த விதி காப்பாற்றாது. சான்றிதழ் காட்டாத கருவியைச் சேர்க்காத பேக்நெட்/எஸ்.சி. அதற்கு உதவும், பழைய கன்ட்ரோலர்கள் பலவற்றில் அது கிடையாது.

அடுத்தது தொலைக் கண்காணிப்பு. நான் பார்த்த அந்த இடத்தில் பராமரிப்பு நிறுவனத்தின் வி.பி.என். நேராகக் கன்ட்ரோலர் வி-லேனுக்குள்ளேயே இறங்கியது. ஒரே லாகின், அவர்களுடைய ஊழியர்கள் எல்லோருக்கும் பொது. கண்காணிக்க இது எதுவுமே தேவையில்லை. சர்வரோ கேட்வேயோ 443 வழியாகத் தரவை வெளியே அனுப்பட்டும். உள்ளே வரும் போர்ட் ஒன்றும் திறக்க வேண்டாம். பழுதுபார்க்க வருவது வேறு விஷயம். ஆளுக்கொரு கணக்கு, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு, இடையில் ஒரு ஜம்ப் சர்வர். வேலை முடிந்ததும் கணக்கை முடக்குங்கள்.

சோதனையையும் தயவுசெய்து நேரடி முகவரிக்கே செய்யுங்கள், அலுவலகப் பக்கமிருந்து ஒருமுறை, வி.பி.என். பக்கமிருந்து ஒருமுறை. ஒவ்வொரு கன்ட்ரோலராகக் கேளுங்கள். வேகமான போர்ட் ஸ்கேன் வேண்டாம், பழைய கன்ட்ரோலர்கள் தொங்கிவிடும். அப்படியே பேனல் கதவையும் திறந்து பாருங்கள். உங்கள் வரைபடத்தில் இல்லாத 4ஜி ரூட்டர் ஏதாவது உள்ளே இருந்தால், இத்தனை விதியும் அதைத் தொடவே தொடாது.