ஆல்கஹால்: கண்மையில் பிறந்த சொல்

பினாங்கு பட்டர்வொர்த்தில் பக்கத்து வீட்டு அக்கா, தம் பேத்தியின் கைக்கு வாங்கிய களிம்புப் புட்டியைப் படமெடுத்து எனக்கு அனுப்பினார். கூடவே அவருடைய மகள் எழுதிக்கொடுத்த தமிழாக்கமும் வந்தது. அதில் மூன்றாவது வரி: “சாராயம்.” குழந்தைக்குச் சாராயமா என்று அக்கா பதறிவிட்டார். புட்டியில் “Ramuan” என்ற மலாய்த் தலைப்பின் கீழ் இருந்தது இதுதான்:

Aqua, Glycerin, Cetearyl
Alcohol, Dimethicone,
Phenoxyethanol

புட்டி உருண்டையானது. முதல் வரியின் முடிவு வளைவில் ஒளிந்து, படத்தில் பாதி மங்கிவிட்டது. அடுத்த வரியின் தொடக்கத்தில் Alcohol பளிச்சென்று தெரிந்ததால், அதைத் தனிப்பொருள் என்று எண்ணிவிட்டார்கள். இந்தப் பட்டியலில் பொருள்களைப் பிரிப்பது காற்புள்ளிதான், வரி முறிவு அன்று. Cetearyl என்பதற்குப் பின் காற்புள்ளி இல்லை. ஆகவே இரண்டும் சேர்ந்து ஒரே பெயர். வளைவில் காற்புள்ளியே மறைந்துவிட்டால் ஊகிக்கக் கூடாது. புட்டியைச் சற்றுத் திருப்பி இன்னொரு படம் எடுக்கச் சொல்ல வேண்டும்.

இனிச் சொல்லுக்கு வருவோம். அரபியில் ‘அல்-குஹ்ல்’ என்றால் கண்ணுக்குத் தீட்டும் மை. அஞ்சனக்கல்லை மாவாக அரைத்துச் செய்த மை அது. ஐரோப்பியர் முதலில் எந்த நுண்தூளையும் அப்பெயரால் அழைத்தார்கள். பிறகு ஒரு பொருளைக் காய்ச்சி வடித்துப் பெறும் சாரத்துக்கும் அதுவே பெயராயிற்று. திராட்சை மதுவை வடித்த சாரம் ‘மதுவின் ஆல்கஹால்’ ஆகி, நாளடைவில் ‘மதுவின்’ உதிர்ந்து ஆல்கஹால் மட்டும் நின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டு வேதியியலார் அதே வகை அமைப்புள்ள ஒரு பெரிய குடும்பத்துக்கே அப்பெயரைச் சூட்டினர். ஒப்பனைப் பெட்டியிலிருந்து கிளம்பிய சொல் ஊர் சுற்றிவிட்டு ஒப்பனைப் புட்டிக்கே வந்து சேர்ந்திருக்கிறது!

அந்தக் குடும்பத்தில் குடிக்கும் மதுவுக்குப் போதை தருவது எத்தனால். முன்னொட்டு எதுவும் இல்லாமல் Alcohol என்றோ, குடிக்க முடியாதபடி கலப்புச் செய்யப்பட்டதற்கு Alcohol Denat. என்றோ புட்டியில் இருந்தால் அது எத்தனால். சருமத்தில் பட்டதும் குளிர்ந்து ஆவியாகிவிடும், மிகுதியானால் தோலை உலர்த்தும். செட்டேரில் ஆல்கஹாலோ வெள்ளை மெழுகுச் செதில். அது ஆவியாகாது, போதை தராது. களிம்பைக் கெட்டியாக்கி, தோலை மிருதுவாக்குவதுதான் அதன் வேலை. அக்காவின் பட்டியலில் உள்ள கிளிசரினும் வேதியியல்படி ஒருவகை ஆல்கஹால்தான், பெயரில் அச்சொல் இல்லாததால் அது தப்பித்துவிட்டது.

‘செட்டேரில்’ என்பது செட்டைல், ஸ்டியரைல் என்ற இரண்டின் ஒட்டு. செட்டைல் என்பதன் வேர் திமிங்கிலத்தைக் குறிக்கும் லத்தீன் சொல். 1817இல் செவ்ரெல் என்ற பிரெஞ்சு வேதியியலார் திமிங்கிலத் தலையில் கிடைக்கும் மெழுகிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். ஸ்டியரைல் என்பதன் வேர் மாட்டுக் கொழுப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல். வேரைப் பிடித்து மொழிபெயர்த்தால் ‘திமிங்கில மாட்டுக்கொழுப்புச் சாராயம்’ என்று வரும். அதைப் படித்தால் இந்துவும் முஸ்லிமும் ஒருசேரப் புட்டியைத் தூக்கி எறிவார்கள். இன்று இப்பொருள் பெரும்பாலும் நம் கண்முன்னே வளரும் எண்ணெய்ப்பனையிலிருந்தும் தேங்காயிலிருந்தும் செய்யப்படுகிறது. விலங்குக் கொழுப்பிலிருந்தும் செய்ய முடியும். எதிலிருந்து வந்தது என்பதைப் பெயர் சொல்லாது. அதை முக்கியமாகக் கருதுபவர்கள் ஹலால் முத்திரையையோ தயாரிப்பாளரையோதான் நாட வேண்டும்.

தமிழில் நிகர்ச்சொல் என்ன? தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘ஆல்கஹால்’ என்றே எழுதுகின்றன. இலங்கையில் ‘அற்ககோல்’, ‘மதுசாரம்’ என்பன வழங்குகின்றன. மதுசாரம் அழகான சொல், எத்தனாலுக்கு நன்றாகவே பொருந்தும். ஆனால் மெழுகுச் செதிலுக்கு அதைச் சூட்டினால் அக்காவின் பதற்றம்தான் திரும்ப வரும். இந்த மெழுகு போன்ற வகையை விளக்கும்போது ‘கொழுப்பு ஆல்கஹால்’ என்று சொல்லலாம். பட்டியலில் உள்ள பெயரை மட்டும் எழுத்து மாறாமல் விட்டுவிட வேண்டும் என்பது என் முடிவு.

காரணம் நடைமுறை சார்ந்தது. அரிதாகச் சிலருக்குச் செட்டேரில் ஆல்கஹால் தோல் ஒவ்வாமை தரும். மருத்துவர் சோதித்து எழுதிக்கொடுத்த பெயரைப் புட்டிப் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத்தான் அவர்கள் பொருள் வாங்குகிறார்கள். மருந்துக் களிம்புகளில் இதே பொருள் Cetostearyl Alcohol என்று வருவதே போதிய குழப்பம். இதற்குமேல் தமிழ்ப் பெயர் ஒன்றையும் நாம் சேர்க்க வேண்டியதில்லை. Ceteareth-20 என்பது வேறு பொருள், மங்கலான படத்தில் அதையும் இதையும் மாற்றிப் படிப்பது எளிது.

அக்காவுக்கு நான் திருப்பி அனுப்பிய வரி: “Cetearyl Alcohol – களிம்பைக் கெட்டியாக்கும் மெழுகு போன்ற பொருள், சாராயம் அன்று.” பயன்படுத்தும் முறையையும் எச்சரிக்கைகளையும் முழுதாகத் தமிழாக்கிக் கீழே சேர்த்தேன். “அப்படியானால் அந்த அக்குவா எந்த ஊர்ப் பொருள், தம்பி?” என்று கேட்டார். தண்ணீர்தான் அக்கா என்றேன்.