கடைவாய் வெடித்தால் சூடு என்று சொல்லாதீர்கள்

இந்த மாதம் என் பல் கிளினிக்குக்கு இப்படி வந்த ஐந்தாவது ஆள் இவர். காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த 64 வயது ஆச்சி. இரண்டு கடைவாயும் வெடித்து, ஓரம் வெள்ளையாக ஊறிக் கிடந்தது. வாயைத் திறக்கச் சொன்னதும் இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்துக்கொண்டுதான் திறந்தார்.

"எல்லாம் சூடு தம்பி. நாலு மாசமா எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிறேன், இளநீர் குடிக்கிறேன், கேட்க மாட்டேங்குது."

எப்படிக் கேட்கும்? உடம்புச் சூடென்றால் வாயில் எங்கு வேண்டுமானாலும் வரலாமே, சொல்லி வைத்தாற்போல இரண்டு ஓரத்தில் மட்டும் ஏன் வர வேண்டும்? எச்சில் தேங்கும் இடம் அதுதான். நாள் முழுக்க ஈரத்திலேயே ஊறும் தோல் வெடிக்கும், வெடிப்பில் காளான் கிருமி குடியேறும். இளநீர் நல்லதுதான், ஆனால் அது இந்த எச்சிலைத் துடைக்காது. மெடிக்கலில் கேட்டு வாங்கும் பி-காம்ப்ளெக்ஸும் அந்தச் சத்து குறைந்தவருக்கு மட்டுமே உதவும்.

ஆச்சியின் பல்செட்டுக்கு வயது பதினொன்று. இரவிலும் கழற்றுவதில்லையாம். கழற்றிப் பார்த்தேன், மேலண்ணம் பல்செட் அச்சிலேயே சிவந்திருந்தது. காளானின் பிறப்பிடம் அதுதான். செட்டின் பற்களும் தேய்ந்து, ஈறும் வற்றிவிட்டதால் வாயை மூடினால் முகவாய் மூக்கை நோக்கி ஏறுகிறது. கடைவாயில் ஆழமாக ஒரு மடிப்பு விழுகிறது. எச்சில் அதில் வழிந்து நிற்கிறது.

இதற்கு நடுவில் யாரோ கொடுத்த ஸ்டீராய்டு களிம்பு வேறு. நாலு நாள் சிவப்பு அடங்கும், அப்புறம் காளான் இன்னும் செழிக்கும். கேட்காமல் போடாதீர்கள், தயவுசெய்து.

காளானைக் கொல்லும் குளோட்ரிமசோல் களிம்பைத் தினம் மூன்று வேளை, இரண்டு வாரம் போடச் சொன்னேன். இடையில் ஆறினாலும் நிறுத்தக் கூடாது. தேன் நிறத்தில் பொருக்கு கட்டியிருந்தால் பாக்டீரியாவும் சேர்ந்திருக்கும், அதற்கு மருந்து வேறு. படுக்கும்போது வாசலின் தடவலாம். பல்செட்டை ராத்திரி கழற்றி, சோப்புப் போட்டு பிரஷால் தேய்த்துத் தண்ணீரில் போட வேண்டும். இதைச் செய்யாமல் களிம்பு மட்டும் போட்டால் மறுபடி வரும்.

கண் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளுத்திருந்தது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.4 தான், உடம்பில் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் குறைவு. இரும்புச்சத்து குறைந்தால் தோல் மெலியும், கிருமியை எதிர்க்கும் சக்தியும் குறையும். மாதவிடாய் நின்ற வயதில் இரும்பு எங்கே போகிறது என்று கேட்காமல் மாத்திரை மட்டும் கொடுப்பது தப்பு. மூட்டுவலிக்குத் தினம் வலி மாத்திரை போடுகிறாராம். வயிற்றில் ரத்தம் கசிகிறதா என்று பார்க்கப் பொது மருத்துவரிடம் அனுப்பினேன். சர்க்கரையும் பார்த்தாயிற்று, சரியாக இருந்தது.

மூன்றாவது வாரம் வந்தார். ஓரம் ஆறியிருந்தது, விரல் வைக்காமலே வாயைத் திறந்தார். சரியான உயரத்தில் புது பல்செட்டுக்கு அன்றைக்கே அளவெடுத்தேன். ஒரு பக்கம் மட்டும் புண்ணாகி, மூன்று வாரமாகியும் ஆறாமல் கெட்டியாக இருக்கிறதா? களிம்பு தேடாமல் நேரே வாருங்கள், புற்றுநோயா என்று சதை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.