மார்கோவ் எண்ணிய 20,000 எழுத்துகள்: ஓர் அணியிலிருந்து நெடுங்கால விகிதம் எப்படி வருகிறது

1913 ஜனவரி 23 அன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், ரஷ்யப் பேரரசின் அறிவியல் கழகத்தில், கணிதவியலாளர் ஆந்த்ரேய் மார்கோவ் ஒரு விநோதமான கணக்கை வாசித்தார். புஷ்கினின் 'யெவ்கேனி ஒனேகின்' செய்யுள் புதினத்தின் தொடக்கத்திலிருந்து 20,000 எழுத்துகளை எடுத்துக்கொண்டு, இடைவெளி, நிறுத்தக்குறி எல்லாவற்றையும் தூக்கிப்போட்டு, ஒவ்வொரு எழுத்தும் உயிரா மெய்யா என்று மட்டும் பார்த்து, கையாலேயே எண்ணியிருந்தார். ரஷ்ய எழுத்தில் உயிர்மெய் கிடையாது, உயிரும் மெய்யும் தனித்தனியாகவே வரும், அதனால் நமக்கு வரக்கூடிய பிரிக்கும் தொல்லை அவருக்கு இல்லை. ஒலியில்லாத இரண்டு குறி எழுத்துகளை மட்டும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

இதற்குப் பின்னால் ஒரு சண்டை இருந்தது. எண்ணிக்கை கூடக்கூட விகிதம் ஓரிடத்தில் நிலைத்து நிற்கும் என்கிற பெரும் எண்களின் விதி வேலை செய்யவேண்டுமென்றால் நிகழ்வுகள் ஒன்றையொன்று சாராமல் இருக்கவேண்டும் என்று மாஸ்கோ கணிதவியலாளர் நெக்ராசோவ் சொல்லிவந்தார், அதைக்கொண்டு மனிதனின் சுதந்திர விருப்பம் வரைக்கும் போனார். மார்கோவுக்கு இது பிடிக்கவே இல்லை. ஒன்றையொன்று சார்ந்த நிகழ்வுகளிலும் நெடுங்கால விகிதம் நிலைத்து நிற்கும் என்று 1906-லேயே நிரூபித்துவிட்டார். ஒனேகின் கணக்கு அதற்கு ஒரு நிஜ உதாரணம்.

அவர் கண்டது இது. 20,000-இல் 8,638 உயிர், 11,362 மெய். உயிருக்கு அடுத்து மறுபடி உயிர் வந்த இடங்கள் 1,104. அதாவது ஓர் உயிருக்குப் பிறகு உயிர் வரும் நிகழ்தகவு 1104/8638, சுமார் 0.128. மெய்க்குப் பிறகு உயிர் வரும் நிகழ்தகவு சுமார் 0.663. ஒரு எழுத்து தனக்கு முந்தைய எழுத்தை எவ்வளவு சார்ந்திருக்கிறது என்று இந்த இரண்டு எண்களின் தூரத்திலேயே தெரிகிறது.

இதை ஓர் அணியாக எழுதுவோம். முதல் வரிசை 'இப்போது உயிர்', இரண்டாவது வரிசை 'இப்போது மெய்'. நிரல்களும் அதே வரிசையில், 'அடுத்து உயிர்', 'அடுத்து மெய்'.

```
        உயிர்    மெய்
உயிர்   0.128   0.872
மெய்    0.663   0.337
```

ஒவ்வொரு வரிசையும் கூட்டினால் 1 வரும், ஏனென்றால் அடுத்து ஏதோ ஒன்று வந்தே ஆகவேண்டும். இதுதான் மாற்ற அணி.

சரி, இப்போது கேள்வி. 8,638 என்ற எண்ணை யாரோ அழித்துவிட்டு இந்த அணியை மட்டும் நம் கையில் கொடுத்தால், நெடுங்காலத்தில் எத்தனை பங்கு உயிர் என்று சொல்லமுடியுமா?

முரட்டு வழி, ஒவ்வொரு அடியாக நடந்து பார்ப்பது. முதல் எழுத்து உயிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது உயிராக இருக்கும் நிகழ்தகவு 0.128. மூன்றாவதற்கு, இரண்டாவது உயிராக இருந்த வழியையும் மெய்யாக இருந்த வழியையும் தனித்தனியாகப் பெருக்கிக் கூட்டவேண்டும்: 0.128 × 0.128 + 0.872 × 0.663, அதாவது 0.595. அடுத்து 0.345, அப்புறம் 0.478, 0.407, 0.445 என்று மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே 0.432-ஐச் சுற்றி அடங்குகிறது. மெய்யில் தொடங்கினாலும் அதே இடத்தில்தான் வந்து நிற்கும். தொடக்கம் மறந்துபோகிறது.

அடங்கிய இடத்தின் குணம் என்ன? அங்கிருந்து இன்னும் ஓர் அடி நடந்தாலும் எண் மாறாது. இந்த ஒரு வாக்கியம் போதும், நடக்கவே வேண்டாம், நேரே சமன்பாடாக எழுதிவிடலாம். உயிரின் நெடுங்காலப் பங்கு x, மெய்யின் பங்கு y என்றால்:

```
x = 0.128x + 0.663y
y = 0.872x + 0.337y
```

முதல் சமன்பாட்டில் x-ஐ இடப்பக்கம் கொண்டுபோனால் 0.872x = 0.663y. இரண்டாவதைச் சுருக்கினாலும் அதே 0.872x = 0.663y! இரண்டு சமன்பாடு இருப்பதுபோலத் தெரிந்தாலும் உண்மையில் இருப்பது ஒன்றுதான். இது தற்செயல் இல்லை. வரிசைகள் எல்லாம் 1-க்குக் கூடுவதால், எத்தனை நிலைகள் இருந்தாலும் ஒரு சமன்பாடு மற்றவற்றிலிருந்து தானாகவே வந்துவிடும். அந்த உபரியைத் தூக்கிவிட்டு, அதற்குப் பதிலாக x + y = 1 என்று வைத்தால் கணக்கு முடிந்தது: x = 0.663 / (0.663 + 0.872) = 0.4319. மார்கோவ் எண்ணியதும் 8638/20000 = 0.4319.

நான்கு தசம இடம் பொருந்துகிறதே என்று இங்கே பலரும் அசந்துபோவார்கள். நான் அசரமாட்டேன். 0.872x = 0.663y என்பதைக் கொஞ்சம் உற்றுப்பாருங்கள். இடப்பக்கம் உயிரிலிருந்து மெய்க்குத் தாவும் தாவல்களின் பங்கு, வலப்பக்கம் மெய்யிலிருந்து உயிருக்குத் தாவுபவை. ஒரு மண்டபத்துக்குள் போனவர் வெளியே வராமல் மறுபடி உள்ளே போகமுடியாது என்பதுபோல, உயிரிலிருந்து வெளியேறாமல் மறுபடி உயிருக்குள் நுழையமுடியாது. எனவே எந்த நீளமான வரிசையிலும் இந்த இரண்டு எண்ணிக்கையும் ஒன்றுக்கு மேல் வித்தியாசப்படவே முடியாது, வரிசை ரஷ்யக் கவிதையாக இருந்தாலும் சரி, குரங்கு தட்டச்சு செய்ததாக இருந்தாலும் சரி. ஒரே உரையிலிருந்து அணியை எடுத்து, அதே உரையின் விகிதத்தோடு ஒப்பிட்டால் பொருந்தாமல் எங்கே போகும்? சமன்பாடு சொல்வது வெறும் வரவு-செலவு: ஒவ்வொரு நிலைக்கும் உள்ளே வருவதும் வெளியே போவதும் சமம். எத்தனை நிலை வந்தாலும் இதே வரவு-செலவுதான், கணக்கு மட்டும்தான் நீளும்.

நிலைகள் அதிகமானால் கணினியிடம் கொடுத்துவிடலாம். பைத்தானில் இப்படி:

```python
import numpy as np
P = np.array([[0.128, 0.872],
              [0.663, 0.337]])
A = P.T - np.eye(2)
A[-1] = 1
b = np.array([0, 1])
print(np.linalg.solve(A, b))
```

0.4319, 0.5681 என்று வரும். இதில் மூன்று இடங்களில் ஆட்கள் விழுவார்கள். `A[-1] = 1` என்ற வரிதான் உபரிச் சமன்பாட்டைத் தூக்கிவிட்டு 'எல்லாம் கூட்டினால் 1' என்பதை வைக்கிறது. அதை மறந்தால் `Singular matrix` என்று பிழை வரும், அல்லது இன்னும் மோசமாக, தசமப் பிழையால் அந்த அணி தப்பித்துக்கொண்டு அர்த்தமில்லாத விடையைத் தரும். இரண்டாவது, `P.T`. வரிசையும் நிரலும் மாறவேண்டும், ஏனென்றால் நாம் ஒரு நிலைக்குள் வருபவற்றைக் கூட்டுகிறோம், அவை அணியில் நிரலாக நிற்கின்றன. `.T`-ஐ விட்டுவிட்டால் பிழை எதுவும் வராது, ஆனால் எல்லா நிலைக்கும் சமமான பங்கு, இங்கே 0.5, 0.5 என்று விடை வரும். நிஜத் தரவை வைத்துப் போட்ட கணக்கில் எல்லாமே அச்சுப்போல் சமமாக வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்கவேண்டும்.

மூன்றாவது தரவிலேயே இருக்கும். ஒரு நிலை தரவின் கடைசியில் ஒரே ஒருமுறை மட்டும் வந்திருந்தால் அதிலிருந்து வெளியேறும் தாவல் ஒன்றுகூட இருக்காது, அணியில் அதன் வரிசை முழுக்கப் பூஜ்யமாகிவிடும், வரவு-செலவு உடைந்துபோகும். அணியைத் தீர்ப்பதற்கு முன்பு வரிசைக் கூட்டல்களை ஒருமுறை அச்சிட்டுப் பார்த்தால் போதும்.

கூட்டல் சமன்பாட்டைச் சரியாக வைத்த பிறகும் அணி தீர மறுக்கிறது என்றால் பிரச்சினை வேறு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகவே வழியில்லாத இரண்டு கூட்டங்களாக நிலைகள் பிரிந்திருக்கின்றன என்று அர்த்தம். எந்தக் கூட்டத்தில் தொடங்கினோமோ அதிலேயே கிடப்போம், தொடக்கம் மறந்துபோகாது, எனவே ஒரே ஒரு விடையும் இருக்காது. இதற்கு நேர்மாறான ஒரு விஷயமும் உண்டு: விடை இருக்கும், ஆனால் நடை அடங்காது. உயிரும் மெய்யும் கண்டிப்பாக மாறி மாறி மட்டுமே வரும் ஒரு மொழியைக் கற்பனை செய்யுங்கள். சமன்பாடு 0.5, 0.5 என்று சரியாகவே சொல்லும், ஆனால் முதல் எழுத்து தெரிந்தால் ஆயிரமாவது எழுத்தும் உறுதியாக இதுதான் என்று தெரிந்துவிடும். அங்கே 0.5 என்பது மொத்த எழுத்துகளில் பங்கு மட்டுமே. ஒனேகினில் அந்தத் தொல்லை இல்லை, ஒவ்வொரு அடியிலும் விலகல் −0.535-ஆல் (0.128 − 0.663) பெருக்கப்படுகிறது, ஏழெட்டு அடியில் நூற்றில் ஒன்றுக்கும் கீழே போய்விடுகிறது. மேலே நாம் பார்த்த ஆட்டம் அந்தக் கழித்தல் குறியால் வந்ததுதான்.

விகிதம் பொருந்துவதால் மட்டும் நம் அணி மொழியைச் சரியாகப் பிடித்துவிட்டது என்று ஆகாது. அதைச் சோதிக்கும் எண்ணையும் மார்கோவே எண்ணிவைத்திருக்கிறார். மூன்று மெய் தொடர்ந்து வந்த இடங்கள் 505. நம் இரண்டு நிலை அணியைக் கேட்டால் என்ன சொல்லும்? இரண்டு மெய் சேர்ந்து வந்த இடங்கள் 3,827, அவற்றுக்கு அடுத்து மறுபடி மெய் வரும் நிகழ்தகவு 0.337, ஆக சுமார் 1,290. நிஜத்தைப்போல இரண்டரை மடங்கு! இரண்டு மெய்யை அடுக்கிய பிறகு மொழி உயிருக்கு ஏங்குகிறது, ஒரே ஓர் எழுத்தை மட்டும் நினைவில் வைத்திருக்கும் அணிக்கு அது தெரியவில்லை.

தீர்வு, நிலையைப் பெரிதாக்குவது. கடைசி இரண்டு எழுத்துகளைச் சேர்த்து ஒரு நிலை என்று வையுங்கள்: உயிர்-உயிர் (a), உயிர்-மெய் (b), மெய்-உயிர் (c), மெய்-மெய் (d). மார்கோவின் எண்ணிக்கைகளிலிருந்து மாற்றங்களை எடுத்தால் சமன்பாடுகள் இப்படி வரும்:

```
a = 0.104a + 0.131c
b = 0.896a + 0.869c
c = 0.559b + 0.868d
d = 0.441b + 0.132d
a + b + c + d = 1
```

ஐந்தில் ஒன்று உபரி, மூன்றாவதை விட்டுவிடலாம். முதலாவதிலிருந்து a = 0.146c. அதை இரண்டாவதில் போட்டால் b = c, உள்ளே போவதும் வெளியே வருவதும் சமம் என்பது இங்கேயும் தலைகாட்டுகிறது. நான்காவதிலிருந்து d = 0.508b. எல்லாவற்றையும் கூட்டி 1-க்குச் சமமாக்கினால் c = 0.377, b-யும் அதே, a = 0.055, d = 0.191. உயிரின் மொத்தப் பங்கு a + b, அதே 0.432.

விகிதம் துளியும் மாறவில்லை, மூன்று மெய்யின் கணக்கு மட்டும் 0.191 × 0.132 × 20,000, அதாவது சுமார் 505-க்கு இறங்கிவிட்டது. இதுவும் எண்ணிவைத்ததை உள்ளே போட்டு வெளியே எடுத்ததுதான் என்பதை மறக்கவேண்டாம். இந்த நான்கு நிலை அணியை நியாயமாகச் சோதிக்கவேண்டுமானால் நான்கு மெய் தொடர்ந்து வரும் இடங்களை அதனிடம் கேட்கவேண்டும்: 505 × 0.132, சுமார் 67 என்று அது சொல்லும். அப்புறம் உரையை எடுத்து எண்ணிப் பார்க்கவேண்டியதுதான்.