16 ஜிபி ரேம்னு போட்டிருந்தா அப்படியே நம்பிடாதீங்க, உள்ள என்ன இருக்குன்னு பாருங்க

மொபைல் சர்வீஸ் வேலையில இருக்கறதால சொல்றேன், "போன் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகல, அதுக்குள்ள ஹேங் ஆகுது"ன்னு எங்ககிட்ட வர்றவங்கள்ல நிறைய பேருக்கு போன்ல ரிப்பேரே இருக்காது. வாங்கும்போதே அது ஸ்லோ போன்தான். ஆன்லைன்ல பெரிய எழுத்துல போட்டிருந்ததைப் பாத்து வாங்கிட்டாங்க, கீழ சின்ன எழுத்துல இருந்ததைப் படிக்கல, அவ்வளவுதான்.

ஒரே விலையில ரெண்டு போன் இருக்குன்னு வச்சுக்குங்க. முதல் போன்ல மேலயே 16 ஜிபி ரேம், 2.3 கிகாஹெர்ட்ஸ் ஆக்டா கோர், 50 மெகாபிக்சல் ஏஐ டிரிபிள் கேமரான்னு இருக்கு. ரெண்டாவதுல 6 ஜிபி ரேம், 2.2 கிகாஹெர்ட்ஸ் ஆக்டா கோர், 50 மெகாபிக்சல் கேமரா. யாரைக் கேட்டாலும் முதல் போனைத்தான் கை காட்டுவாங்க. இப்போ பேஜை கீழ தள்ளி முழு ஸ்பெசிஃபிகேஷனையும் விரிச்சுப் பாருங்க.

முதல் போனோட ரேம் பக்கத்துல "8+8" இல்லன்னா "4+12"ன்னு ஒரு குறிப்பு இருக்கும். பிளஸ்ஸுக்கு முன்னாடி இருக்கறது மட்டும்தான் நிஜ ரேம். பின்னாடி இருக்கறது வர்ச்சுவல் ரேம், அதாவது போட்டோ, வீடியோ சேவ் ஆகுற ஸ்டோரேஜ்லேர்ந்தே கொஞ்சம் இடத்தை எடுத்து ரேம் மாதிரி யூஸ் பண்றது. இந்த முதல் போன்ல இருக்கறது "4+12"ன்னே வைங்க, அப்போ நிஜ ரேம் 4 ஜிபிதான், ரெண்டாவது போனோட 6 ஜிபியை விடக் கம்மி. வர்ச்சுவல் ரேம் மோசடின்னு நான் சொல்லல, பேக்ரவுண்ட்ல ஒண்ணு ரெண்டு ஆப் மூடாம இருக்க உதவும், ஆனா ஸ்டோரேஜ் எவ்வளவு வேகமோ அவ்வளவுதான் அதுவும் ஓடும். அதனால அடுத்து பாக்க வேண்டியது ஸ்டோரேஜ் டைப்.

128 ஜிபின்னு மட்டும் போட்டிருந்தா போதாது, ஸ்டோரேஜ் eMMCயா, UFSஆ, எந்த வகைன்னு தெரியணும். eMMC 5.1 பேப்பர்ல சொல்ற உச்ச வேகமே நொடிக்கு 400 எம்பிதான், அதுவும் ஒரு நேரத்துல படிக்கும் இல்லன்னா எழுதும், ரெண்டையும் சேத்து செய்யாது. UFS 2.2ல ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கும், வேகமும் ரெண்டு மடங்குக்கு மேல. ஆப் அப்டேட் ஓடிட்டிருக்கும்போது வாட்ஸ்அப் திறந்தா ஸ்க்ரீன் அப்படியே நின்னுடுதுன்னு சொல்றாங்கல்ல, பல நேரம் காரணம் இந்த eMMCதான், அதுலயும் ஸ்டோரேஜ் நிறைஞ்சுட்டா இன்னும் மோசம். லிஸ்டிங்ல ஸ்டோரேஜ் டைப்பே போடலன்னா நான் eMMCன்னுதான் எடுத்துப்பேன், UFS இருந்தா கம்பெனிக்காரங்களே பெருமையா போட்டுருப்பாங்க. ஒரே மாடல்லயே வேரியன்டுக்கு வேரியன்ட் டைப் மாறுறதும் உண்டு, நீங்க வாங்கப் போற வேரியன்டுக்கே பாருங்க.

அடுத்து பிராசசர், ஏமாறுற இடமே இதுதான். முதல் போன்ல இருக்கறது ஹீலியோ G37, ரெண்டாவதுல ஹீலியோ G99. ரெண்டுலயும் எட்டு கோர். ஆனா G37ல எட்டுமே Cortex-A53, 2012ல அறிவிச்ச டிசைன், மின்சாரம் மிச்சம் பிடிக்க செஞ்ச சின்ன கோர். G99ல ரெண்டு பெரிய Cortex-A76, ஆறு சின்ன A55. ஆப் திறக்குறது, பேஜ் லோட் ஆகுறது எல்லாம் பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு கோர் தலையிலதான் விழும், அதனால 2.2ல ஓடுற A76 ஒண்ணு, 2.3ல ஓடுற A53யை ரொம்ப தூரம் தாண்டிப் போயிடும். ஒரே டிசைன் கோருக்குள்ளதான் கிகாஹெர்ட்ஸை வச்சு கம்பேர் பண்ண முடியும். பிராசசர் பேரை சர்ச்ல போட்டு கோர் பேரு என்னன்னு பாருங்க, எட்டுமே A53 இல்லன்னா A55 மாதிரி சின்ன கோர்தான்னா வேற என்ன போட்டிருந்தாலும் நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

கேமராவுக்கு ஒரு விஷயம் போதும். டிரிபிள்னா மத்த ரெண்டும் 2 மெகாபிக்சல் மேக்ரோ, டெப்த்தான்னு பாருங்க, அப்படின்னா நிஜமா யூஸ் ஆகுறது ஒரே கேமராதான், அந்த ஒண்ணுல கை ஆடுறதை லென்ஸ் சமாளிக்கிற ஓஐஎஸ் இருக்கா இல்லையாங்கறதுதான் ராத்திரி போட்டோல தெரியும்.

இதே பட்ஜெட்ல போன வருஷத்து கொஞ்சம் மேல் மாடல் விலை இறங்கி கிடைச்சா அதை தாராளமா எடுக்கலாம், ஆனா செக்யூரிட்டி அப்டேட் எந்த வருஷம் வரைக்கும்னு கம்பெனி சைட்ல பாத்துட்டு, அது ரிலீஸ் ஆன தேதியிலேர்ந்து எண்ணுங்க, நீங்க வாங்குற தேதியிலேர்ந்து இல்ல.

போன் கைக்கு வந்ததும் ரிட்டர்ன் டைம் முடியறதுக்குள்ள CPU-Z ஆப் போட்டு பிராசசர் பேரு, கோர் பேரு, மொத்த ரேம் மூணையும் பாத்துடுங்க. நிஜ ரேம்ல கொஞ்சம் சிஸ்டம் எடுத்துக்கும், அதனால 6 ஜிபி போன்ல 5.5 மாதிரி காட்டினா பயப்பட வேண்டாம். 16னு சொல்லி வித்தது 3.7னு காட்டினா பாக்ஸைத் திருப்பி மூடி அனுப்பிடுங்க.